இதயத்துக்கு வெளியே நின்ற பெயர்

கணேசமூர்த்தியின் விசிட்டிங் கார்டில் ‘கிரியேட்டிவ் டைரக்டர்’ என்று போட்டிருக்கும். யாரை டைரக்ட் பண்ணினான் என்று கேட்காதீர்கள். ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஸ்டிக்கர் கடை. முதலாளி ஓஸ்வால்ட் சார் காலையில் ஒரு முறை வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். மீதி நேரம் நாங்கள் மூன்று பேர். கம்ப்யூட்டரில் கணேசமூர்த்தி, வெட்டும் மெஷினில் உத்தமன் ஆகிய நான், வெட்டிய ஸ்டிக்கரில் வேண்டாததை உரித்தெடுக்க மமதா. இந்தப் படையின் தளபதிக்குத்தான் அந்தக் கார்டு.

அவன் ஸ்ரீராம்புரத்துக்காரன். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். வெயிலிலும் மழையிலும் தெரு பெருக்கிப் பிள்ளையை மல்டிமீடியா கோர்ஸ் படிக்க வைத்தார். பிள்ளை அவரைப் பற்றிப் பேசும்போது ‘சிவிக் டிபார்ட்மென்ட்’ என்பான். ஏதோ அவர் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் மாதிரி. அந்த மனிதர் ஒரு நாள் மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். இவன் வாசலுக்கே ஓடிப்போய் டப்பாவை வாங்கிக்கொண்டு, “வீட்டு வேலைக்காரர்” என்று கஸ்டமரிடம் சொன்னான். எனக்குக் காது கூசியது. அவர் காதிலும் விழுந்திருக்கும். தெருவில் இறங்கி நடந்தார்.

அவனுக்கு வரையத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவன் தொழிலைச் சொல்ல முடியாது. எந்த வேலை வந்தாலும் பழைய ஃபைல் ஒன்றைத் திறப்பான். அதில் இருக்கிற கொடி, மயில், நெருப்பு எதையாவது பிடித்துக்கொள்வான். மேலே ஒரு வட்டமோ நட்சத்திரமோ போடுவான். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வு செய்து, கன்ட்ரோல் கீயோடு ஏழாம் எண்ணை அழுத்துவான். கிளிப்பிங் மாஸ்க். அவ்வளவுதான், புது டிசைன் பிறந்துவிட்டது. “கான்செப்ட் எப்டி?” என்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றுவான்.

அந்த மாஸ்க் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்த ஆளையும் தெரியும். மேலே வைத்த உருவம் ஒரு ஜன்னல் ஆகிவிடும். அதன் நிறமும் கோடும் போய், வெறும் எல்லை மட்டும் மிஞ்சும். கீழே இருக்கும் படத்தில் அந்த எல்லைக்குள் விழுவது கண்ணுக்குத் தெரியும், வெளியே நிற்பது தெரியாது. தெரியாதே தவிர, போய்விடாது. ஒரு கோடுகூடக் குறையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மாஸ்க்கை விடுவித்தால் மொத்தமும் பழையபடி வந்து நிற்கும். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. நாளைக்குப் படத்தை நகர்த்த வேண்டும், மாற்ற வேண்டும் என்றால் அழிக்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் கணேசமூர்த்திக்கு அது வேறு விதமாகப் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம் என்பது அவன் சித்தாந்தம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம்.

பேப்பரிலோ ஃப்ளெக்ஸிலோ பிரின்ட் போடும்வரை அந்தச் சித்தாந்தம் செல்லும். பிரின்டர் மாஸ்க்குக்கு மரியாதை கொடுக்கும், உள்ளே தெரிவதை மட்டும் அச்சடிக்கும். எங்கள் கடையில் ரேடியம் கட்டிங், வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் தாளை வெட்டுகிற வேலை. மெஷினில் இருப்பது மை இல்லை, சின்னக் கத்தி. அது நிறத்தைப் பார்க்காது. கோடு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகும். மறைந்த கோடா, தெரிகிற கோடா என்று எங்கள் மெஷின் கேட்டதே இல்லை. அதனால் வெட்டுவதற்கு முன்னால் நான் திரையை அவுட்லைனில் போட்டுப் பார்ப்பேன். நிறமெல்லாம் போய்க் கோடுகள் மட்டும் தெரியும், ஒளிந்திருக்கிற கோடும் வெளியே வந்துவிடும். மாஸ்க்குக்கு வெளியே நிற்பதை நிஜமாகவே நறுக்கித் தள்ளிவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புவேன்.

அவன் சேர்ந்த புதிதில் இதைச் சொன்னேன். “நீ மெஷின் ஆப்பரேட்டர், உத்தமா. டிசைன்ல கை வெக்காதே” என்றான். ஒரு லாரிக்காரருக்குக் கழுகு ஒன்று செய்து, உடம்பு முழுக்க நெருப்பு ஜுவாலையை மாஸ்க் போட்டு அடைத்து, அவனே மெஷினுக்கு அனுப்பினான். திரையில் கழுகு கம்பீரமாக நின்றது. கத்தி கழுகின் ஓரத்தையும் வெட்டி, ஓரத்தைத் தாண்டிப் போன நெருப்பையும் வெட்டியது. மமதா பார்த்தாள். கழுகுக்கு வெளியே இருந்த நெருப்பைத் தன் புத்தியில் உரித்தெடுத்துவிட்டு, பாதியையாவது காப்பாற்றினாள். அதில் இறக்கையில் ஒரு துண்டு போய்விட்டது.

லாரிக்காரர் முன்னால் வைத்து இவன் அவள்மேல் பாய்ந்தான். “கட் ஆனது கட் ஆனபடி இருக்கணும். அத்த எடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறது உன் வேலையா? உன் மூளைய வீட்ல வெச்சுட்டு வா.”

தன் தப்பை அவள் தலையில் கட்டிவிட்டு, கஸ்டமருக்கு டீ சொன்னான். அன்றிலிருந்து கடையில் அதுவே சட்டம். வெட்டுப்பட்ட எழுத்தை, உருவத்தை மமதா தொடக் கூடாது, சுற்றியிருக்கும் வேஸ்ட்டை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷம் அவளைச் சுற்றி வந்தவன் அவன். கப்பன் பார்க், லால்பாக் மலர்க் கண்காட்சி, மல்லேஸ்வரத்தில் தோசை, எல்லாம் நடந்தது. ஆனால் கடைக்குள் வந்தால் அவனை அவள் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். நான் கேட்டதற்கு, “அவருக்கு ஒரு பொசிஷன் இருக்குல்லண்ணா” என்றாள். அவனுடைய பொசிஷன்! ஸ்டூலுக்கும் நாற்காலிக்கும் உள்ள உயர வித்தியாசம் அது.

அப்புறம் ஓசூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் தாரணி, பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு கடை. கணேசமூர்த்தி அவர்களிடம் கிரியேட்டிவ் டைரக்டர் கார்டை நீட்டினான். சிவிக் டிபார்ட்மென்ட் அப்பாவை அறிமுகப்படுத்தினான். மமதாவை என்ன செய்தான்? அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தான். மறைத்தான்.

மமதாவின் அண்ணன் பிரகாஷ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஸ்ரீராம்புரத்துச் சங்கத்தில் போய் நியாயம் கேட்டார். சங்கத் தலைவர் பச்சைமுத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டார். கணேசமூர்த்தி இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்து, “கூட வேலை செய்ற பொண்ணு. சிரிச்சுப் பேசியிருப்பேன். கல்யாணம்னு எப்பவாவது என் வாயில வந்திருக்கா? யாராவது சாட்சி உண்டா?” என்றான். கேட்டதோடு நிற்கவில்லை. சூடத்தை ஏற்றச் சொல்லி அடித்துச் சத்தியமும் செய்தான்.

சாட்சி இல்லை. லால்பாக் பூக்களா வந்து சொல்லும்? கூடப் போயிருந்த நான் எழுந்து, ரெண்டு வருஷமாகப் பார்க்கிறேன் என்றேன். “நீ காதல்னு பாத்திருப்பே. கல்யாணம்னு அவன் சொன்னத உன் காதால கேட்டியா?” என்றார் பச்சைமுத்து. கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன். பச்சைமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, நல்ல வீட்டுப் பையன் பெயரைக் கெடுத்ததற்கு அந்தப் பெண் அவன் அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மமதா விழுந்தாள். தெரு முழுக்கப் பார்த்தது. அதற்கப்புறம் குழாயடியில் அவளுக்குப் ‘பொய்க்காரி’ என்று பெயர். இருந்தும் மறுநாள் வேலைக்கு வந்தாள். “ஏன்மா?” என்றேன். “நான் ஏண்ணா வேலைய விடணும்?” என்றாள். அவனோ நாற்காலியைச் சுற்றியபடி, “மமதா, அந்த டெம்போ ஸ்டிக்கர் ஆச்சா?” என்றான். துளி கூச்சமில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது அது நடந்தது. மாப்பிள்ளை காரின் பின் கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும். ஊருக்கெல்லாம் நாங்கள்தான் செய்துகொடுப்போம், கடைக்காரன் கல்யாணத்துக்கு இல்லாமலா? மத்தியானம் என்னிடம், “உத்தமா, நீ போய்ச் சாப்டு. இது என் பர்சனல் ஒர்க், நானே போட்டுக்கிறேன்” என்றான். எனக்கும் பசி. போய்விட்டேன். அவன் தங்க நிற ரோலை மெஷினில் மாட்டி, பட்டனைத் தட்டிவிட்டு, கோட்டு அளவு பார்க்க டெய்லரிடம் கிளம்பிவிட்டான். கோட்டு கேட்கிறதாம் அந்த உடம்புக்கு.

நான் திரும்பி வந்தபோது மமதா மேஜை முன்னால் நின்றிருந்தாள். ஸ்டிக்கர் தாள் மேஜை முழுக்க விரிந்து கிடந்தது. எப்போதும்போல வேஸ்ட்டையெல்லாம் உரித்து முடித்திருந்தாள். கையில் ட்வீசர் இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அடியில் ‘கணேசமூர்த்தி வெட்ஸ் தாரணி’. அதற்கு மேலே ஓர் இதயம். இதயத்துக்குள் கொடியும் மயிலும். சரி. ஆனால் கொடி இதயத்தோடு நிற்கவில்லை, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நாலா பக்கமும் படர்ந்திருந்தது. இரண்டு மயில்களுக்கும் தோகை வெளியே கிடந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தாளின் தலைமாட்டில், நல்ல கொழுத்த எழுத்தில், ‘கணேஷ் வெட்ஸ் மமதா’.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதல் மயக்கத்தில் இவளுக்காக அவன் கல்யாண ஸ்டிக்கர் ஒன்று செய்து வைத்திருக்கிறான். தாரணிக்குப் புதிதாக ஒன்று வரைய வக்கில்லை. அதே ஃபைலைத் திறந்து, பழைய படத்தின்மேல் ஓர் இதயத்தை வைத்து மாஸ்க் போட்டிருக்கிறான். பழைய பெயர் இதயத்துக்கு வெளியே விழுந்துவிட்டது, திரையில் தெரியவில்லை. தெரியாவிட்டால் இல்லையே! கீழே புதுப் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடச் சோற்றையாவது புதிதாக வடிப்பான்.

“கிழிச்சுப் போட்டுடவாம்மா?” என்றேன். “நான் வேற கட் பண்ணிக்கிறேன். அவனுக்குத் தெரிய வேணாம்.”

“வேணாண்ணா. கட் ஆனது கட் ஆனபடி இருக்கணும்னு சார் சொல்லியிருக்காரு.” ட்வீசரை மேஜைமேல் வைத்தாள். “எங்கண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. தலைவரை ஆட்டோல கூட்டிக்கினு வரச் சொல்லுங்க. இப்பவே.”

பச்சைமுத்து ஆட்டோவிலிருந்து இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் கணேசமூர்த்தியும் வந்துவிட்டான், தோளில் கோட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு. தாளைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் செத்தது. ஒரு கணம்தான்.

“பாத்தீங்களா தலைவரே?” என்றான். “நான் இல்லாத நேரத்துல இவளே மெஷின்ல போட்டு வெட்டி வெச்சிக்கினா. கல்யாணத்தக் கெடுக்கப் பாக்குறா. போலீசுக்குப் போவேன் நான்.”

பச்சைமுத்து மமதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய தீர்ப்பு அப்படியே இருந்தது. “இன்னாம்மா இது? ஒரு தபா சொன்னா அடங்க மாட்டியா?”

கையிலிருந்த ஒரே சாட்சியும் அவளுக்கே எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் போய்க் கணேசமூர்த்தியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். “ஏய், என் சிஸ்டத்த தொடாதே” என்று அவன் பாய்ந்தான். பிரகாஷ் குறுக்கே வந்து நின்றார். ஆட்டோ ஓட்டுகிற தோள், கோட்டு போடுகிற தோளை விட அகலம்.

அவன் மூடாமல் போயிருந்த ஃபைல் அப்படியே திறந்திருந்தது. திரையில் அழகான இதயம், உள்ளே மயில், கீழே மாப்பிள்ளை பெண் பெயர். வேறொன்றும் இல்லை. “இதான் இவன் செஞ்சது, தலைவரே. இவன் பாஸ்வேர்டு, இவன் ஃபைல்” என்றேன். “இதுல நான் ஒரு எழுத்துகூட அடிக்கப் போறதில்ல. இவன் மூடி வெச்சத்த திறக்குறேன், அவ்ளோதான்.” இதயத்தைத் தேர்வு செய்தேன். மாஸ்க்கை விடுவித்தேன்.

இதயம் போன இடம் தெரியவில்லை. அதற்குத்தான் நிறமும் இல்லை, கோடும் இல்லையே. அது நின்ற இடத்தில் இரண்டு முழு மயில்கள் தோகையை விரித்தன, கொடிகள் திரை முழுக்க ஓடின, உச்சியில் ‘கணேஷ் வெட்ஸ் மமதா’ மஞ்சளாக வந்து உட்கார்ந்தது. பச்சைமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபைல் உண்டான தேதியையும் எடுத்துக் காட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. மமதாவுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது என்பது தெருவுக்கே தெரியும்.

அப்போது கணேசமூர்த்தி என்ன சொன்னான் தெரியுமா? மன்னிப்பு என்றா? இல்லை. “அத்த டிலீட் பண்ண மறந்துட்டேன்” என்றான். அவ்வளவுதான் அந்த மனிதன். இரண்டு வருஷமும் ஒரு பெண்ணின் மானமும் அவனுக்கு டிலீட் பண்ண மறந்த பாக்கி.

தலைவரும் லேசுப்பட்டவரில்லை. சூடத்தை அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பார்த்து இரண்டு முறை இருமினார். பிறகு மமதா பக்கம் திரும்பி, “நடந்தது நடந்துபோச்சு. பத்திரிகைலாம் குடுத்தாச்சு, அந்தப் பொண்ணு வாழ்க்கையும் இருக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்றார். நியாயம் பேசும் மீசைக்கு அன்று தொங்கல்தான்.

“எனக்கு இவர் வேணாம் தலைவரே” என்றாள் மமதா. “ஓசில குடுத்தாலும் வேணாம். என்னை எங்க வெச்சுப் பொய்க்காரின்னு சொன்னீங்களோ, அங்க வெச்சு, அத்தினி பேர் முன்னாடி, இவர் வாயால அத்த திருப்பி எடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்கலன்னா, இத்த எடுத்துக்கினு நானே ஓசூர் போவேன்.”

ஓசூர் என்றதும்தான் மாப்பிள்ளைக்கு வியர்த்தது. ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறை நிரம்பி வழிந்தது. அன்று காலில் விழுந்ததை வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். கணேசமூர்த்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி பேசினான். “நான் அன்னிக்கு சொன்னது பொய். மமதாவைக் கட்டிக்கிறேன்னு நான்தான் சொன்னேன்.” “சத்தமா சொல்லுப்பா” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவன் அம்மா தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்பா, அந்த ‘வீட்டு வேலைக்காரர்’, எழுந்து வந்து மமதாவைக் கைகூப்பிக் கும்பிட்டார். அந்தக் குடும்பத்தில் முதுகெலும்பு இருந்தது அவருக்கு மட்டும்தான்.

எல்லாரும் எழுந்து போகப் பார்த்தார்கள். மமதா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தாள். அந்தத் தாளின் தலைமாட்டை மட்டும் நறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். மேஜைமேல் விரித்தாள். ‘கணேஷ் வெட்ஸ் மமதா’. ட்வீசரை எடுத்து, கடையில் தினம் செய்கிற அதே நிதானத்தோடு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக உரித்தாள். ம. ம. தா. தாளில் ‘கணேஷ் வெட்ஸ்’ மட்டும் மிஞ்சியது, பக்கத்தில் வெறும் இடம்.

அதைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். “வெச்சுக்கோங்க சார். உங்களுக்குத்தான் புதுசா வரைய வராதே. யார் பேர் வேணாலும் போட்டுக்கலாம்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவன் சுருளைக் கீழே போடவும் முடியாமல், பையில் வைக்கவும் முடியாமல் நின்றான். மமதா விரலில் ஒட்டியிருந்த எழுத்துகளைச் சேர்த்து உருட்டினாள், வாசலில் இருந்த குப்பைக்கூடையில் போட்டாள், அண்ணன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.